நம்ம ஊர்ச் சீனி வீகனா? எலும்புக்கரி எங்கே வருகிறது, எங்கே வரவில்லை

கரும்பு ஒரு புல் வகை. அதன் சாற்றிலிருந்து எடுக்கும் சீனியில் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க இருப்பது சுக்ரோஸ் மட்டும்தான். பால் கிடையாது, தேன் கிடையாது, விலங்கிலிருந்து வந்த எதுவுமே அந்த மணிக்குள் கிடையாது. ஆனாலும் வீகன் உணவுக்கு மாறியவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் "சீனி சாப்பிடலாமா?" என்பதும் ஒன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் படிக்கும் என் தம்பி மகள், பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தபோது காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டாள்: "பெரியப்பா, சீனியை எலும்புல வடிகட்டுவாங்களாமே, நெசமா?" நான் சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் இது: சில நாடுகளில் சில சுத்திகரிப்பு ஆலைகளில் அது உண்மை. நம்ம ஊர்க் கடையில் கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் சீனிக்கு அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பது புரிய வேண்டுமானால், சீனி எப்படி வெள்ளையாகிறது என்று பார்க்க வேண்டும்.

கரும்பை நசுக்கினால் வரும் சாறு கலங்கலாக, பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். தெருவோரக் கரும்புச் சாற்றை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தால் இன்னும் கறுத்துப்போவது தெரியும். கரும்புத் தோலிலும் கணுவிலும் இருக்கும் நிறப்பொருட்கள் சாற்றில் கலக்கின்றன. காய்ச்சும்போது சூட்டில் புதிதாகவும் நிறம் உண்டாகிறது. சுக்ரோஸுக்கு நிறமே இல்லை. பழுப்பெல்லாம் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் மற்றவற்றின் நிறம். அந்த மற்றவற்றை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதில்தான் ஆலைக்கு ஆலை, நாட்டுக்கு நாடு வழி மாறுகிறது.

உலகத்தின் பல பகுதிகளில் கரும்புச் சீனி இரண்டு கட்டமாகத் தயாராகிறது. கரும்பு விளையும் இடத்தில் அதைப் பழுப்பு நிறக் கச்சாச் சீனியாக ஆக்கிவிடுவார்கள். அதைக் கப்பலில் ஏற்றி, எங்கோ ஒரு துறைமுகத்தை ஒட்டி இருக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே அந்த மணிகளின் மேலே ஒட்டியிருக்கும் பாகைக் கழுவி, வெந்நீரில் கரைத்து, சுண்ணாம்பு போட்டு அழுக்கைத் திரள வைத்து வடிகட்டுவார்கள். இவ்வளவு செய்தும் அந்தக் கரைசல் தேன் நிறத்தில்தான் நிற்கும். இந்த இடத்தில்தான் நிறம் நீக்கும் தூண்கள் வருகின்றன. உயரமான இரும்புத் தொட்டிகளில் கரியை நிரப்பி, சூடான கரைசலை மேலிருந்து மெதுவாக இறக்குவார்கள். நிறப்பொருட்கள் கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள, கீழே தெளிந்த கரைசல் வரும். வீட்டில் வைத்திருக்கும் தண்ணீர் வடிகட்டிக்குள் இருக்கும் கரியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அந்தத் தூணில் நிரப்பும் கரி எலும்பிலிருந்து வந்திருக்கலாம். மாட்டு எலும்பைக் கழுவி, கொழுப்பை நீக்கி, காய வைத்து, காற்றுப் புகாத கலத்தில் 700 டிகிரி சூட்டுக்குப் பக்கமாகவோ அதற்கு மேலேயோ சுடுவார்கள். காற்று இல்லாததால் எலும்பு எரிந்து சாம்பலாகாது, கரியாகும். பிறகு அதை நொறுக்கிச் சலித்தால் கறுப்பு மணிகளாகக் கிடைக்கும். கரி என்று பெயர் இருந்தாலும் அதில் கார்பன் பத்தில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி எலும்பின் தாதுப்பொருளான கால்சியம் பாஸ்பேட். அந்தத் தாதுவின் மேல் மெல்லிய பூச்சாகப் பரவியிருக்கும் கார்பன் நிறத்தைப் பிடிக்கிறது. தாதுப்பகுதி கரைசலில் இருக்கும் உப்புகளில் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்கிறது. மரக்கரியால் இந்த இரண்டாவது வேலை சரியாக ஆகாது. சில பழைய ஆலைகள் இன்னும் எலும்புக்கரியை விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், நிறம் பிடித்துச் சலித்துப்போன எலும்புக்கரியை வெந்நீரில் கழுவி உலையில் மறுபடி சூடாக்கினால் பழைய சக்தி திரும்பிவிடும். இப்படி அதே கரியை வருஷக்கணக்கில் ஓட்டலாம். உடைந்து தூளாகிப் போவதற்கு ஈடாக மட்டும் புதிது சேர்ப்பார்கள்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எலும்புக்கரித் தூண் வழியாக வந்த சீனியிலும் எலும்பு இருக்காது. கரி தூணிலேயே தங்கிவிடும். கரைசல் மட்டும் கீழே இறங்கி, வடிகட்டப்பட்டு, மறுபடி மணியாகும். ஆகவே "சீனியில் எலும்புத்தூள் கலக்கிறார்கள்" என்று பரவும் செய்தி தவறு. ஆனால் வீகன் ஒருவருக்கு அது போதாது. தட்டில் விலங்கு இருக்கிறதா என்று மட்டும் அவர் பார்ப்பதில்லை. அந்தப் பொருளைச் செய்வதற்கு ஒரு விலங்கின் உடல் பயன்பட்டதா என்றும் பார்க்கிறார். அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், எலும்புக்கரியில் நிறம் நீக்கிய சீனி வீகன் இல்லை என்பதுதான் என் முடிவும்.

இந்தச் சங்கடம் நமக்குப் புதிதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் எலும்புக்கரி சீனி ஆலைகளுக்குள் வந்தது. அதற்கும் முன்பே, சாற்றைத் தெளிவிக்க மாட்டு ரத்தம் ஊற்றும் வழக்கம் அங்கே இருந்தது. சூட்டில் ரத்தம் திரளும்போது அழுக்கையும் சேர்த்துக்கொண்டு மேலே வரும் என்பதற்காக. 1905இல் வங்காளத்தில் சுதேசி இயக்கம் எழுந்தபோது, வெளிநாட்டுச் சீனியில் எலும்பும் ரத்தமும் பட்டிருக்கிறது என்று சொல்லியே அதை விலக்கச் சொன்னார்கள். வீகன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இதே கேள்வியைச் சைவ, வைணவ வீடுகள் கேட்டிருக்கின்றன.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடிப் பக்கம் கரும்பு வயலைப் பார்க்காதவர்கள் திருநெல்வேலிச் சீமையில் குறைவு. இந்தியாவில் பெரும்பாலான ஆலைகள் இரண்டு கட்டமாக வேலை செய்வதில்லை. கரும்பு ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் வெள்ளைச் சீனி மூட்டையாக வெளியே வரும். நடுவில் கச்சாச் சீனியாக்கிக் கரைத்து மறுபடி சுத்தம் செய்யும் கட்டமே இல்லை. இதற்கு அவர்கள் நம்பியிருப்பது இரண்டு பொருட்களை: சுண்ணாம்பு, கந்தகம்.

சாற்றை 70 டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்கி, சுண்ணாம்புப் பால் விடுவார்கள். பக்கத்திலேயே ஒரு உலையில் கந்தகத்தை எரித்து, அந்தப் புகையைச் சாற்றுக்குள் செலுத்துவார்கள். சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்ந்து வெண்மையான படிவாகும்போது, சாற்றில் இருக்கும் அழுக்கையும் மெழுகையும் நிறத்தில் ஒரு பகுதியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் எங்கள் கண் ஓயாமல் இருந்தது இந்த இடத்தில்தான். சாறு அமிலமாகவும் இல்லாமல் காரமாகவும் இல்லாமல் நடுவில், பி.எச். 7 பக்கத்தில் நிற்க வேண்டும். புகை கூடிப்போனால் சுக்ரோஸ் உடைந்து நட்டமாகும். சுண்ணாம்பு கூடிப்போனால் சாறு கறுக்கும். பிறகு கொதிநிலைக்குக் கொண்டுபோய், பெரிய தொட்டியில் அசையாமல் தெளிய விடுவார்கள். அடியில் சேறு தங்கும், மேலே பொன்னிறச் சாறு நிற்கும். அதை வற்றக் காய்ச்சிப் பாகாக்கி, அந்தப் பாகில் இன்னொரு முறை கந்தகப் புகை விடுவார்கள். அப்புறம் காற்றை உறிஞ்சிய கலத்தில் குறைந்த சூட்டில் மணி பிடிக்க வைத்து, வேகமாகச் சுழலும் கூடையில் போட்டு, மணியைப் பிரித்துக் காய வைப்பார்கள்.

இந்த வழியில் எலும்புக்கரிக்கு இடமே இல்லை. நிறம் நீக்கும் தூண் என்ற சாதனமே அந்த ஆலைக்குள் கிடையாது. கடையில் எஸ்-30, எம்-30 என்று சொல்லும் சீனி இப்படி வந்ததுதான். எழுத்து மணியின் அளவைக் குறிக்கிறது, எண் நிறத்தை.

இந்தியாவிலும் கச்சாச் சீனியைக் கரைத்துச் சுத்திகரிக்கும் ஆலைகள் உண்டு. பெரிய குளிர்பான நிறுவனங்களும் மருந்து நிறுவனங்களும் கேட்கும் பளிச்சென்ற சீனி அங்கிருந்து வருகிறது. பாக்கெட்டில் "ரிஃபைண்ட் சுகர்", "சல்ஃபர் இல்லாதது" என்று போட்டு விற்பதும் பெரும்பாலும் இந்த வகை. அங்கே நிறம் நீக்கும் தூண்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் நிரப்புவது அயனி மாற்றுப் பிசின் என்னும் சிறு செயற்கை மணிகள், அல்லது மரத்திலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ செய்த கரி. எலும்புக்கரித் தூண் இன்றைய இந்திய ஆலைகளில் வழக்கத்தில் இல்லை. நம் மக்களின் உணர்வும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் செலவும் இடமும். எலும்புக்கரி எடையில் ஏகப்பட்டது வேண்டும், அதைத் திரும்பத் திரும்பச் சுட உலை வேண்டும். பிசினை உப்புத் தண்ணீரில் கழுவினாலே திரும்ப வேலைக்கு வந்துவிடும். புதிதாக ஆலை கட்டுகிறவர் யாரும் பழைய வழிக்குப் போக மாட்டார்.

வீட்டில் இருக்கும் சீனி இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கண்ணாடி டம்ளரில் பாதி வெந்நீர் எடுத்து, நாலைந்து கரண்டி சீனியைப் போட்டுக் கரைத்து, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். கந்தகப் புகையில் வெளுத்த சாதாரணச் சீனி என்றால் தண்ணீரில் மெல்லிய மஞ்சள் தெரியும், சில சமயம் அடியில் பொடிப்பொடியாக அழுக்கும் தங்கும். சுத்திகரித்த சீனி என்றால் தண்ணீர் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். நிறத்தை அளக்க இகும்சா என்று ஒரு அளவு இருக்கிறது. சாதாரணச் சீனி அதில் 100 முதல் 150 வரை வரும், நன்கு சுத்திகரித்தது 45 அல்லது அதற்கும் கீழே. எண் குறையக் குறைய வெள்ளை கூடும்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. இது சுத்திகரித்த சீனியா இல்லையா என்று மட்டும்தான் காட்டும். எந்தக் கரியில் நிறம் நீக்கினார்கள் என்று காட்டாது. அதை எந்த வீட்டுச் சோதனையும் காட்டாது, ஏனென்றால் கரியின் தடயம் சீனியில் தங்குவதில்லை. அதற்குப் பாக்கெட்டைத்தான் படிக்க வேண்டும், அல்லது தயாரித்தவரைக் கேட்க வேண்டும்.

பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி இதற்கு உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். பச்சைப் புள்ளி சைவக் குறி. அது முக்கியமாகப் பொருளுக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பற்றியது. பால் கலந்த இனிப்புக்கும் பச்சைப் புள்ளி உண்டு. வீகனுக்கென்று தனியாக விதிகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் கொண்டுவந்தது. அதில் சேர்பொருட்கள் மட்டுமல்ல, தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் பயன்படுத்தும் உதவிப் பொருள்கூட விலங்கிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எலும்புக்கரி அப்படி ஒரு உதவிப் பொருள்தான். ஆகவே இலையோடு சேர்ந்த பச்சை நிற ஆங்கில 'வி' எழுத்துக் குறி இருந்தால், அந்தப் பொருளில் சேர்ந்த சீனிக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வெறும் சீனிப் பாக்கெட்டில் இந்தக் குறி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வாங்காத ஆலைகள்தான் அதிகம்.

தம்பி மகளுக்கு உண்மையான சிக்கல் இங்கே இல்லை, அவள் படிக்கும் ஊரில்தான். அமெரிக்காவில் சில கரும்புச் சீனிச் சுத்திகரிப்பு ஆலைகள் எலும்புக்கரியை இன்னும் பயன்படுத்துகின்றன. வெள்ளையை விட்டுவிட்டு நாட்டுச் சர்க்கரை மாதிரி இருக்கும் பிரவுன் சுகர் வாங்கிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். அங்கே விற்கும் பிரவுன் சுகரில் பெரும்பகுதி, சுத்திகரித்த வெள்ளைச் சீனியில் கரும்புக் கழிவுப்பாகைத் திரும்பக் கலந்து செய்தது. வெள்ளைச் சீனி எந்த வழியாக வந்ததோ அதே வழிதான் இதுவும். கேக்கின் மேல் தூவும் பொடிச் சீனியும் அப்படியே. அங்கே நம்பிக்கையாக வாங்கக்கூடியவை இவை: ஆர்கானிக் சான்று பெற்ற சீனி, ஏனென்றால் அந்தச் சான்றின் விதிகள் எலும்புக்கரியை அனுமதிப்பதில்லை. அப்புறம் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுக்கும் பீட் சீனி. அது ஒரே ஆலையில் நேராக வெள்ளையாகிவிடுவதால் கரித் தூண் தேவைப்படுவதில்லை. சுத்திகரிக்காத கச்சா வகைச் சீனியும் சரிதான். ஆர்கானிக் வயலில் சாணி உரம் போட்டிருப்பார்களே என்று கேட்கலாம். அந்த அளவுக்குப் போனால் அரிசிகூட மிஞ்சாது. எந்த இடத்தில் கோடு போடுவது என்பது அவரவர் மனசைப் பொறுத்தது, அதில் நான் தலையிட மாட்டேன்.

ஊருக்குத் திரும்பினால், கருப்பட்டி இருக்கிறதே என்பார்கள். உடன்குடி, திசையன்விளைப் பக்கம் சுண்ணாம்பு பூசிய கலயத்தில் இறக்கிய பதநீரை வடிகட்டிக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்கும் நல்ல கருப்பட்டியில் விலங்குப் பொருளுக்கு வேலையே இல்லை. பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள், அதுவும் செடிதான். ஆனால் விலை குறைவாகக் கிடைக்கும் கருப்பட்டியில் சீனி கலப்பது தெரிந்த விஷயம். அதனால் வீகன் கணக்கு கெட்டுவிடாது. கலப்பது நம்ம ஊர்ச் சீனிதான். காசு கொடுத்தவருக்குத்தான் நட்டம்.

எலும்புக்கரியைப் பற்றி இவ்வளவு விசாரிக்கும் ஒருவர் நம்ம ஊரில் நிஜமாகவே கவனிக்க வேண்டிய இடம் வேறு. அது ஆலை அல்ல, அடுப்படி. சாதாரணச் சீனியில் பாகு காய்ச்சும்போது கொஞ்சம் அழுக்கு இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? கல்யாணச் சமையற்காரர்கள் அதை எடுக்க, பாகு கொதிக்கும்போது ஒரு கரண்டி பால் விடுவார்கள். சூட்டில் பால் திரிந்து, அழுக்கைப் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே வரும். அதை ஜல்லிக்கரண்டியால் வழித்து எறிந்தால் பாகு கண்ணாடியாக நிற்கும். ஐரோப்பாக்காரன் ரத்தத்தை ஊற்றிச் செய்த வேலையை நம் சமையற்காரர் பாலில் செய்கிறார். ரத்தத்தில் திரளும் புரதம் செய்ததைப் பாலில் இருக்கும் புரதம் செய்கிறது. வழித்து எறிந்துவிடுவதால் பால் சேர்த்ததாகவே யாரும் சொல்ல மாட்டார்கள். ஜாங்கிரிக்கு என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டால் உளுந்து, சீனி, எண்ணெய் என்றுதான் பதில் வரும். சமையற்காரர் பொய் சொல்லவில்லை. எலும்புக்கரியைச் சேர்பொருள் பட்டியலில் யாரும் எழுதாதது போலத்தான் இதுவும். சேர்பொருள் அல்ல, சுத்தம் செய்யும் பொருள்.

மற்ற இனிப்புகளில் சங்கதி வெளிப்படையாகவே தெரியும். திருநெல்வேலி அல்வாவில் கோதுமைப் பாலும் சீனியும் வீகன்தான், ஆனால் அதில் சேரும் நெய் வீகன் கிடையாது. தூத்துக்குடி மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு இருக்கிறது. முதலூர் மஸ்கோத் அல்வா மட்டும் தேங்காய்ப் பாலில் கிண்டுவது. நெய் சேர்ப்பதில்லை என்பதால் அது தம்பி மகளுக்குத் தோதாக அமைந்தது. வாங்கும்போது கடைக்காரரிடம் "நெய் போட்டிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் நல்லது.

வீட்டில் பாகு வைக்கிறவர்கள் பால் இல்லாமலே தெளிவாக்கலாம். சீனி மூழ்கும் அளவுக்கு மேல் கொஞ்சம் கூடவே தண்ணீர் விட்டு, சீனி முழுவதும் கரைந்து முதல் கொதி வந்ததும் இறக்கி, ஈர மல்துணியை நாலாக மடித்து அதில் வடிகட்ட வேண்டும். கெட்டியான பிறகு வடிகட்டினால் துணியில் இறங்காது. வடிகட்டிய பாகைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, வேண்டிய பதத்துக்குக் காய்ச்சிக்கொள்ளலாம். பாகு மறுபடி மணி கட்டாமல் இருக்க இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் போதும். கல்யாணத்துக்குச் சொல்லி வைக்கும்போது சமையற்காரரிடமும் இதையே கேட்டுக்கொள்ளலாம். "அண்ணாச்சி, பாகுக்குப் பால் விடாம, துணியில வடிச்சிருங்க" என்று முன்னாலேயே சொன்னால் செய்து கொடுப்பார்கள்.